மீம் பேஜ் புரோமோ விலையும் உண்மையான ரீச் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மீம் பேஜில் 60 ஆயிரம் ஃபாலோயர்கள் இருக்கிறார்கள். ஒரு புரோமோவுக்கு எவ்வளவு கேட்கலாம்?

ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து விலை சொல்லாதீர்கள். உங்கள் போஸ்ட் வழக்கமாக எத்தனை பேர் கண்ணில் படுகிறதோ, அந்த எண்ணை வைத்துச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்களை ஃபாலோ செய்த ஒருவர் இன்று இன்ஸ்டாகிராமைத் திறப்பதையே விட்டிருக்கலாம். திறந்தாலும், உங்கள் மீம் அவருடைய திரைக்கு வராமலே போகலாம். அவரும் அந்த 60 ஆயிரத்தில் ஒருவராகவே எண்ணப்படுகிறார். கடைக்காரர் பணம் கொடுப்பது தம் கடையின் பெயரை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக. பார்க்காதவருக்கும் சேர்த்து அவரிடம் பணம் வாங்குவது சரியில்லை. அவரும் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பார்வையாளர் கணக்கைத் தெரிந்துகொள்ள உங்கள் அக்கவுன்ட் புரொஃபஷனல் வகைக்கு மாறியிருக்க வேண்டும். மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு ஒவ்வொரு போஸ்டின் கீழும் Insights என்ற பகுதி தெரியும். அங்கே முன்னால் நிற்பது Views என்ற எண். 2024 முதல் இன்ஸ்டாகிராம் இதையே முதன்மையாகக் காட்டி வருகிறது. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் அது மூன்றாகக் கூடும் என்பதால், விலை பேச இது உதவாது. Accounts reached என்பது எத்தனை வெவ்வேறு கணக்குகள் பார்த்தன என்பதைச் சொல்கிறது. நாம் ரீச் என்று பேசும்போது இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும். Views எண்ணை ரீச் என்று சொல்லிக் கொடுப்பது நம் வட்டாரத்தில் மிகப் பரவலாக நடக்கிறது; பலர் வேறுபாடு தெரியாமலே செய்கிறார்கள்.

ஒரு மீம் 41 ஆயிரம் பேருக்குப் போயிருக்கிறது. அதைக் காட்டி விலை பேசக் கூடாதா?

கூடாது. காரணத்தை என் பேஜின் கணக்கை வைத்தே சொல்கிறேன். அப்போது எனக்கு 62 ஆயிரம் ஃபாலோயர்கள். விளம்பரமில்லாத கடைசிப் பத்துப் போஸ்டுகளின் ரீச்சைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் 4,800, 5,100, 5,300, 5,600, 6,000, 6,400, 6,700, 7,200, 8,100, 41,000 என்று வந்தது. கடைசியாக நிற்கும் 41 ஆயிரம், பெருமழை அன்று வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்தப்பட்ட கார்களைப் பற்றிப் போட்ட மீம். அன்று நகரமே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 9,620. ஆனால் பத்தில் ஒன்பது போஸ்டுகள் அந்த எண்ணைத் தொடவே இல்லை. ஒரே ஒரு மழைநாள் மீம் சராசரியை அந்த உயரத்துக்குத் தூக்கிவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் 6,000, 6,400 ஆகிய இரண்டையும் எடுத்துப் பாதியாக்கினால் 6,200 வருகிறது. இந்த நடு எண்தான் அடுத்த போஸ்டுக்கு நாணயமாகச் சொல்லக்கூடிய எண். நான் அதையும் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், "ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரம் பேர் வரை பார்ப்பார்கள்" என்று சொல்வேன். பெரிதாகப் போன மீமைக் காட்டக் கூடாது என்பதில்லை. அது ஒரு மழைநாளில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புரோமோ போஸ்டுகளின் ரீச் பெரும்பாலும் சாதாரண மீம்களின் ரீச்சைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் விளம்பரத்தை யாரும் தம் நண்பருக்கு எளிதில் அனுப்புவதில்லை. முன்பு செய்த புரோமோக்கள் ஐந்தாறு இருந்தால், அவற்றுக்கென்று தனியாக ஒரு நடு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலை பேச அதுவே இன்னும் சரியான அடிப்படை.

எங்கள் ஏரியா கடைக்காரர் ஒருவர் புரோமோ கேட்கிறார். கணக்கை எப்படிப் போடுவது?

நான் செய்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். வேளச்சேரியில் புதிதாகத் திறந்த ஓர் அத்தோ கடை. உரிமையாளர் பல ஆண்டுகள் பாரிமுனைப் பக்கம் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். ஒரு போஸ்டும் ஒரு ஸ்டோரியும் வேண்டும் என்றார். "அறுபதாயிரம் பேர் இருக்கிறார்களே தம்பி, நூறு பேருக்கு ஒருவர் வந்தாலே அறுநூறு பேர் ஆயிற்றே" என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார். முதலில் அந்தக் கணக்கைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

போஸ்டின் நடு ரீச் 6,200. ஸ்டோரியின் நடு ரீச் 3,400. இரண்டையும் கூட்டி 9,600 என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் ஸ்டோரியைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் போஸ்டையும் பார்க்கும் அதே ஆட்கள். எத்தனை பேர் இரண்டிலும் வருகிறார்கள் என்பதை இன்ஸ்டாகிராம் நமக்குக் காட்டுவதில்லை. ஆகவே பெரிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்து, ஃபாலோயர்கள் எந்தெந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்று பார்த்தேன். சென்னை 31 விழுக்காடு. மற்றவர்கள் கோவை, மதுரை, திருச்சி, பெங்களூரு, கொழும்பு என்று பரவியிருந்தார்கள். 6,200-இல் 31 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1,900 பேர். இதுவும் மதிப்பீடுதான். அந்த ஊர்ப் பட்டியல் ஃபாலோயர்களைப் பற்றியது. போஸ்டைப் பார்த்த வெளியாட்கள் எந்த ஊர் என்பது அதில் வராது. அந்த 1,900 பேரிலும் எண்ணூரில் இருப்பவர் ஒரு தட்டு அத்தோவுக்காக வேளச்சேரி வரப்போவதில்லை.

கடை உரிமையாளரும் தாமாகவே இன்ஸ்டாகிராமில் ஒருமுறை விளம்பரம் போட்டிருந்தார். அந்தக் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். கடையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களில் ஆயிரம் பேரைச் சென்றடைய அவருக்குத் தோராயமாக 90 ரூபாய் ஆகியிருந்தது. நான் போஸ்டுக்கு ஆயிரம் ரீச்சுக்கு 250 ரூபாய் என்ற கணக்கு வைத்திருந்தேன். சென்னைக்காரர்களை மட்டும் எண்ணினால் அது ஆயிரம் பேருக்கு 800 ரூபாய்க்கு மேல் போகிறது. அதாவது, வெறும் ரீச் மட்டும் வேண்டுமென்றால் அவர் தாமே விளம்பரம் போடுவதுதான் மலிவு. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஒரே ஏரியாவை நம்பியிருக்கும் கடைக்கு நம்மால் கொடுக்க முடிகிற பெரிய பொருள் ரீச் அல்ல; மக்கள் சிரித்துப் பகிரும்படி ஒரு மீமைச் செய்து தருவதுதான். அந்த வேலைக்குத் தனியாக விலை வையுங்கள்.

ஆகவே மீம் செய்ய 1,000 ரூபாய், 6,200 ரீச்சுக்கு 1,550 ரூபாய், ஆக மொத்தம் 2,550 என்று வந்ததை 2,500 என்று முடித்தோம். ஸ்டோரிக்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. அந்த போஸ்டையே அவர் தம் பணத்தில், தம் ஏரியாவுக்குள் விளம்பரமாக ஓட்டிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தேன். Paid partnership என்று குறித்துப் போடும்போது அந்த அனுமதியையும் அங்கேயே தர முடியும்.

கடைக்கு வருகிறவர்களை எண்ணுவதற்காக ஓர் ஏற்பாடும் செய்தோம். மீமில் வரும் வசனத்தைக் கல்லாவில் சொன்னால் ஒரு மசாலா முட்டை இலவசம். கல்லாவில் இருக்கும் பையன் ஒரு நோட்டில் கோடு போட வேண்டும். நான்கு நாள் கழித்து போஸ்டின் ரீச் 5,870, ஸ்டோரியின் ரீச் 3,290, இடத்தைக் காட்டும் ஸ்டிக்கரைத் தட்டியவர்கள் 41 பேர், நோட்டில் 17 கோடுகள். 17 பில்களும் சேர்ந்து 7,140 ரூபாய். பாதி பொருள் செலவு என்று அவரே சொன்னார். கொடுத்த 2,500-ஐயும் இலவச முட்டைகளையும் கழித்தால் கையில் நின்றது ஆயிரத்துக்கும் குறைவு. பெரிய லாபமில்லை, நட்டமுமில்லை. அறுநூறு பேரை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தவராக இருந்தால் அன்றோடு என் போன் எண்ணை அழித்திருப்பார். முன்பே விளக்கியிருந்ததால், தீபாவளிக்கு முந்தைய வாரம் மறுபடியும் அவரே கூப்பிட்டார்.

புரோமோ முடிந்ததும் கிளையன்டுக்கு என்ன கணக்கு காட்ட வேண்டும்? ஸ்கிரீன்ஷாட் போதாதா?

ஸ்கிரீன்ஷாட்டில் ஓர் எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நேர்மையானவரின் ஸ்கிரீன்ஷாட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. நான் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுப்புகிறேன். பேஜின் முகப்பில் தொடங்கி, அந்த போஸ்டைத் திறந்து, Insights பகுதிக்குப் போய், கீழே வரை மெதுவாக நகர்த்தி, எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. ஸ்டோரிக்கு 24 மணி நேரம் முடிந்தவுடனும், போஸ்டுக்கு இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் எடுக்கிறேன். ஏழாம் நாளுக்குப் பிறகு மீம் போஸ்டின் ரீச் பெரும்பாலும் நகராது.

விலை பேசும்போதே கடைசி 30 நாள் கணக்கை இதேபோல் எடுத்து அனுப்பிவிடுங்கள். அதில் ஊர், வயது, ஆண் பெண் விகிதம், ரீச்சில் ஃபாலோயர்கள் எத்தனை, வெளியாட்கள் எத்தனை என்பவை எல்லாம் வரும். ஆறு மாதத்துக்கு முன் செய்த அழகான பிடிஎஃப் ஒன்றைத் தேதியில்லாமல் அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

தொடக்கத்தில் மட்டும் 10 ஆயிரம் ஃபாலோயர்களை வாங்கிக்கொண்டால் என்ன தவறு? எல்லோரும் செய்கிறார்களே?

கிளையன்டை ஏமாற்றுவது என்பது ஒரு பக்கம். உங்கள் பேஜையே அது கெடுக்கிறது என்பது இன்னொரு பக்கம். நீங்கள் புதிதாக ஒரு மீம் போட்டதும், அது உங்கள் ஃபாலோயர்களில் சிலருக்குக் காட்டப்படுகிறது. அவர்கள் நின்று பார்க்கிறார்களா, லைக் போடுகிறார்களா, நண்பருக்கு அனுப்புகிறார்களா என்பதைப் பொறுத்தே அது மேலும் பரவும். பணம் கொடுத்து வாங்கிய கணக்குகளுக்குப் பின்னால் ஆளே இல்லை. அவை லைக் போடாது, அனுப்பாது. அந்தக் கணக்குகளுக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு முறையும் உங்கள் மீம் யாருக்கும் பிடிக்காத மீமாகப் பதிவாகிறது.

என் நண்பர் ஒருவர் தம் பொன்மொழிப் பேஜுக்கு இதைச் செய்தார். ஒரே இரவில் 9 ஆயிரம் 19 ஆயிரமானது. போஸ்டின் ரீச் முன்பு போலவே 1,500-ஐச் சுற்றியே நின்றது, பிறகு இறங்கவும் தொடங்கியது. ஊர்ப் பட்டியலில் சென்னைக்கு மேலே தமிழ் தெரியாத நாடுகளின் நகரங்கள் வந்து உட்கார்ந்தன. வாங்கிய கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது.

பேஜை வாங்க வருபவரும் புரோமோ கொடுப்பவரும் இந்த அடையாளங்களைத்தான் தேடுகிறார்கள்: ஃபாலோயர் வரைபடத்தில் காரணமில்லாமல் செங்குத்தாக ஏறும் ஓர் இடம், அதையடுத்து நாள்தோறும் சிறிது சிறிதாகச் சரியும் கோடு, தமிழ் மீமுக்குக் கீழே வெறும் நெருப்புப் படங்களும் ஒற்றைச் சொல் ஆங்கிலப் பாராட்டுகளுமாக நிற்கும் கமென்டுகள். போன் பரிசு என்று சொல்லி ஃபாலோ வாங்குவதும் ஏறத்தாழ இதே விளைவைத்தான் தரும். அதில் வருபவர்கள் உண்மையான மனிதர்கள்தான். ஆனால் வந்தது போனுக்காக, மீமுக்காக அல்ல.

அப்படியானால் சென்னை ஆட்களை நேர்வழியில் எப்படிச் சேர்ப்பது?

சென்னைக்காரருக்கு மட்டும் முழுதாகப் புரியும் மீமைச் செய்வதே வழி. பொதுவான காதல் வரிகளும் நட்பு வரிகளும் வேகமாகப் பரவும்; ஆனால் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் சேர்ந்து பரவும். ஓ.டி.டி. தளத்துக்கோ மொபைல் செயலிக்கோ விளம்பரம் செய்ய அந்தக் கூட்டம் நல்லதுதான். வேளச்சேரிக் கடைக்கு அது பயன்படாது. எந்த வகை வாடிக்கையாளரிடம் விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற மீமைச் செய்யுங்கள்.

நான் மூன்று மாதம் வாரத்தில் நான்கு மீம்களை ஊர்ச் செய்தியாகவே செய்து பார்த்தேன். 21ஜி பேருந்தின் படிக்கட்டு, கத்திரி வெயிலில் தண்ணீர் கேனுக்குக் காத்திருப்பது, கிண்டியில் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறும் நடை, ஐப்பசி மழையில் விடுமுறை அறிவிப்புக்காக மாவட்ட ஆட்சியரின் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மொத்த ஃபாலோயர் எண்ணிக்கை முன்பைவிட மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் சென்னையின் பங்கு 24 விழுக்காட்டிலிருந்து 31-க்கு வந்தது. ஊர்க் கடைகளுக்கு நான் விலை சொல்ல முடிந்ததே அந்த ஏழு விழுக்காட்டால்தான்.

எந்த மீம் வேலை செய்கிறது என்று பார்க்க லைக்கைவிட, எத்தனை பேர் அதை மற்றவருக்குத் தனியாக அனுப்பினார்கள் என்ற எண்ணைப் பாருங்கள். புதியவர்களிடம் பரவுவதற்கு அந்த அனுப்புதல்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2025-இன் தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னார். மீம் என்பதே "டேய், இது நீதான்" என்று நண்பனுக்கு அனுப்பும் பொருள் அல்லவா?

மற்ற பேஜ்களின் மீமை எடுத்து, பெயர் போட்டுப் பகிர்ந்தால் போதாதா?

போதாது. அடுத்தவர் படைப்பை அப்படியே திரும்பத் திரும்பப் போடும் கணக்குகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று இன்ஸ்டாகிராம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. 30 நாளில் பத்து முறை அல்லது அதற்கு மேல் அப்படிச் செய்த கணக்குகள் அதில் அடங்கும் என்றும் சொன்னது. கேப்ஷனில் பெயர் போடுவது செய்தவருக்குக் காட்டும் மரியாதை. பரிந்துரைக் கணக்கில் அது உங்களைக் காப்பாற்றாது. உங்கள் ரீச்சில் வெளியாட்களின் பங்கு திடீரென்று மிகச் சிறியதாகிவிட்டது என்றால், முதலில் இந்தக் காரணத்தைச் சந்தேகியுங்கள்.

பொன்மொழிப் பேஜ்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அப்துல் கலாம் சொன்னதாகச் சுற்றும் வரிகளில் எத்தனையோ அவர் சொல்லாதவை. எங்கே, எப்போது சொல்லப்பட்டது என்று உங்களால் காட்ட முடியாத வரியின் கீழ் அவர் பெயரைப் போடாதீர்கள். பெயரில்லாமல் போட்டாலும் நல்ல வரி நல்ல வரியாகவே படிக்கப்படும்.

"விளம்பரம்" என்று போட்டால் ரீச் குறையும், போடாதே என்கிறார்கள். போட்டே ஆக வேண்டுமா?

ஆம். பணம் வாங்கினாலும், பொருளாக வாங்கினாலும், இலவசமாக ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும், அதைச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஏ.எஸ்.சி.ஐ.-யின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூன் 14 முதல் இதைக் கேட்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க முடியும்.

மீம் என்பதால், படத்தின் மீதே தமிழில் "விளம்பரம்" என்று தெளிவாகப் படிக்கும் அளவில் எழுதுங்கள். கேப்ஷனின் அடியில், இருபது ஹேஷ்டேகுகளுக்கு நடுவே ஒளித்து வைப்பது கணக்கில் சேராது. 15 விநாடிக்குள் முடியும் வீடியோ என்றால் அந்தச் சொல் குறைந்தது 3 விநாடி திரையில் நிற்க வேண்டும். ரீச் குறையுமா என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்: ரீச்சைக் குறைத்தது அந்தச் சொல் அல்ல, சுவையில்லாத மீம். விளம்பரம் என்று எழுதிய அத்தோ மீம் வழக்கமான நடு எண்ணுக்கு 330 பேர் மட்டுமே குறைவாகப் போனது.

பிராண்ட் போஸ்டில் சினிமா டெம்ப்ளேட் பயன்படுத்தலாமா?

நான் பயன்படுத்துவதில்லை. வேடிக்கைக்காகப் போடும் மீமைப் படத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதே நடிகரின் முகத்தை ஒரு கடையின் பெயருக்குப் பக்கத்தில் பணத்துக்காக வைக்கும்போது விஷயம் வேறாகிறது: படத்தின் காப்புரிமையும் வருகிறது, அந்த நடிகரே கடையைப் பரிந்துரைப்பது போன்ற தோற்றமும் வருகிறது. கேள்வி வந்தால் அது உங்களுக்கு மட்டுமல்ல, கடைக்காரருக்கும் வரும். திரைப்பாடல்களும் அப்படித்தான். அத்தோ கடை மீமுக்குக் கடையின் கல், கரண்டி, உரிமையாளரின் கை ஆகியவற்றை நானே போனில் படமெடுத்தேன். வசனம் மட்டும் நன்றாக அமைந்தால் டெம்ப்ளேட் தேவைப்படுவதில்லை.

பந்தய ஆப் ஒன்று ஒரே ஸ்டோரிக்குப் பத்து மடங்கு தருகிறது. எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டின் சொந்தச் சட்டமும் இணையச் சூதாட்ட விளம்பரத்தைத் தடுக்கிறது. "டெலகிராம் சேனலுக்கு மட்டும் லிங்க் கொடுங்கள், ஆப் பெயரே வராது" என்று சொல்லி வருவதும் இதே கும்பல்தான். உங்கள் ஃபாலோயர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள் என்பதை ஊர்ப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வயதுப் பட்டியல் காட்டும்.

ஏஜென்சி ஒன்று "ரீச்சைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுங்கள், மற்ற பேஜ்கள் எல்லாம் அப்படித்தான் தருகின்றன" என்கிறது. என்ன செய்வது?

எனக்கும் அது நேர்ந்தது. இருபது மீம் பேஜ்களில் ஒரே நாளில் போடும் வேலை. பிராண்டிடம் ஏஜென்சி மொத்தமாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டது. வந்தது அதற்குக் குறைவு. 5,400 வந்த இடத்தில் 15,400 என்று ஒரு "1" சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். மறுத்தேன். மீதிப் பணம் வர நான்கு மாதம் ஆனது. அந்த ஏஜென்சி அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இழப்பு உண்மையான இழப்புதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த பிராண்டின் விளம்பரப் பிரிவில் இருந்தவர் பேஜ்களிடம் நேரடியாக ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேட்டபோது, கொடுக்க முடிந்த சில பேஜ்களில் என்னுடையதும் ஒன்று. அடுத்த வேலை ஏஜென்சி இல்லாமல் நேராக வந்தது.

ஏஜென்சி மூலம் செய்யும்போது நீங்கள் சொல்லும் ரீச் வரம்பை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பி வையுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். உங்கள் எண்ணை அவர்கள் பிராண்டிடம் என்னவாகச் சொன்னார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் சொன்னது என்ன என்பதற்காவது சான்று இருக்கும்.

சொன்ன ரீச் வரவில்லை என்றால்? பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

வரம்பின் கீழ் எண்ணைத்தான் நான் வாக்காக எடுத்துக்கொள்கிறேன். ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரம் என்று சொன்னால், ஐயாயிரத்துக்குக் கீழே போனால் மட்டுமே நான் கடன்பட்டவன். அப்படி நேர்ந்தால் முதலில் ஒரு ஸ்டோரியை இலவசமாகப் போடுகிறேன். அதன் ரீச்சை முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்வதில்லை, தனியாகத்தான் எழுதிக் கொடுக்கிறேன், ஏனெனில் மேலே சொன்னபடி பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். பாதிக்கும் கீழே போனால் ரீச்சுக்கு வாங்கிய பணத்தில், வராமல் போன ரீச்சுக்கு உரிய பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மீம் செய்த கூலியைத் திருப்புவதில்லை, அந்த வேலை செய்து முடித்தாகிவிட்டது.

கடந்த ஆண்டு ஒரு துணிக்கடைக்கு அப்படி நடந்தது. கிரிக்கெட் இறுதிப்போட்டி நாளென்று பார்க்காமல் இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டேன். 2,300 பேர்தான் பார்த்தார்கள். ஐயாயிரத்துக்கு வாங்கிய 1,250 ரூபாயில் 2,300-க்கு உரிய 575 போக மீதி 675-ஐ மறுநாளே ஜிபே செய்தேன். அதிலிருந்து, தேதி முடிவு செய்வதற்கு முன் ஆட்ட அட்டவணையையும் பெரிய படங்களின் வெளியீட்டு நாளையும் கிளையன்டோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நேரம் குறிக்கிறேன்.